முப்பது வாரக் கோடும் சிஸ்கோவின் நான்கு பருவங்களும்

2000-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்காவின் சிஸ்கோ சிஸ்டம்ஸ் நிறுவனம் தனது காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. விற்பனை 652 கோடி டாலர். அதற்கு முந்தைய ஆண்டின் இதே காலாண்டோடு ஒப்பிட்டால் 66 சதவீதம் அதிகம்! எந்த வணிகவியல் மாணவரிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தாலும் "அருமையான கம்பெனி" என்றுதான் எழுதியிருப்பார். ஆனால் அதே வாரத்தில் சிஸ்கோ பங்கின் வார வரைபடத்தை எடுத்துப் பார்த்த ஒருவர், அதில் உள்ள ஒரே ஒரு கோட்டை வைத்து "இந்தப் பங்கைக் கையில் வைத்திருக்கக் கூடாது" என்று சொல்லியிருக்க முடியும். அவருக்கு ரூட்டர் என்றால் என்ன என்று தெரிந்திருக்கவே வேண்டியதில்லை.

அந்தக் கோடுதான் முப்பது வாரச் சராசரி. அதை வைத்து ஒரு பங்கின் வாழ்க்கையை நான்கு பருவங்களாகப் பிரித்துப் பார்க்கும் முறையைப் பிரபலமாக்கியவர் ஸ்டான் வைன்ஸ்டீன். "தி புரொஃபஷனல் டேப் ரீடர்" என்ற பங்குச்சந்தைச் செய்திமடலை நடத்தி வந்தவர். 1988-ல் வெளியான "சீக்ரெட்ஸ் ஃபார் பிராஃபிட்டிங் இன் புல் அண்ட் பேர் மார்க்கெட்ஸ்" என்ற புத்தகத்தில்தான் இந்த முறையை விரிவாக எழுதினார்.

யோசனை முழுக்க அவருடையது என்று சொல்லிவிட முடியாது. விவரம் தெரிந்தவர்கள் சத்தமில்லாமல் வாங்கிச் சேர்ப்பது, பிறகு பொதுமக்கள் வந்து சேர்வது, கடைசியில் விவரம் தெரிந்தவர்கள் அவர்கள் தலையிலேயே விற்றுவிட்டு வெளியேறுவது என்ற கதையை சார்லஸ் டவ் வழி வந்தவர்களும் ரிச்சர்ட் வைக்காஃபும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சொல்லியாகிவிட்டது. 200 நாள் சராசரியைப் பற்றி கார்ட்லி 1935-லேயே எழுதினார். 1960-களில் ஜோசப் கிரான்வில் அதற்கு விதிகள் வகுத்தார். வைன்ஸ்டீன் செய்தது என்னவென்றால், இந்தப் பழைய கதையையும் ஒரு சராசரிக் கோட்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, வாரம் ஒருமுறை மட்டும் வரைபடம் பார்க்கிற சாதாரண மனிதர்கூடப் பின்பற்றுகிற மாதிரி ஆக்கியதுதான். அவர் புத்தகத்தில் பயன்படுத்தியவை மான்ஸ்ஃபீல்ட் நிறுவனத்தின் அச்சடித்த வார வரைபடங்கள். அவற்றில் முப்பது வாரக் கோடு ஏற்கெனவே வரையப்பட்டே வரும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

சரி, அந்தக் கோடு எப்படிக் கிடைக்கிறது?

கணக்கு ரொம்ப எளிது. ஒரு பங்கின் கடைசி 30 வெள்ளிக்கிழமை முடிவு விலைகளைக் கூட்டி 30-ஆல் வகுக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை வந்ததும் புதிய விலையைச் சேர்த்து, மிகப் பழையதை நீக்கி, மறுபடி வகுக்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து வர்த்தக நாள் என்று பார்த்தால் இது சுமார் 150 நாட்களின் சராசரி. அந்த ஏழு மாதங்களில் பங்கை வாங்கியவர்கள் ஏறத்தாழ என்ன விலை கொடுத்திருப்பார்கள் என்பதன் தோராயமான அடையாளம் என்றும் எடுத்துக் கொள்ளலாம்.

இதில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் ஒரு விலை உள்ளே வருகிறது, ஒரு விலை வெளியே போகிறது, நடுவில் உள்ள 29 விலைகளும் மாறுவதில்லை. ஆகவே கோடு மேலே போகிறதா கீழே போகிறதா என்பதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு ஒப்பீடுதான்: இன்றைய விலை, முப்பது வாரத்துக்கு முந்தைய விலையை விட அதிகமா குறைவா? அதிகம் என்றால் கோடு ஏறும். குறைவு என்றால் இறங்கும். அவ்வளவுதான் ரகசியம்.

இப்போது நான்கு பருவங்களுக்கு வரலாம். நீண்ட காலம் விழுந்த பங்கு ஒன்று விழுவதை நிறுத்தி, ஒரு குறுகிய எல்லைக்குள் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். சராசரிக் கோடு படுத்துக் கிடக்கும். விற்க வேண்டியவர்கள் எல்லாம் விற்று முடித்துவிட்டார்கள். வாங்க யாருக்கும் அவசரம் இல்லை. இது அடித்தளப் பருவம். பிறகு ஒரு வாரம் விலை அந்த எல்லையின் மேல் விளிம்பை உடைத்துக்கொண்டு, கோட்டுக்கு மேலே, நிறைய பங்குகள் கைமாறிய நிலையில் வெளியே வரும். அதற்குப் பின் விலை முன்னே ஓட, கோடும் பின்னாலேயே ஏறும். இது ஏற்றப் பருவம். ஒரு கட்டத்தில் ஓட்டம் தளர்ந்து, விலை கோட்டுக்கு மேலும் கீழுமாக வெட்டி வெட்டிப் போகும். ஏறிக்கொண்டிருந்த கோடு மெல்லத் தட்டையாகும். இது உச்சிப் பருவம். கடைசியாக, உச்சிப் பருவத்தின் கீழ் விளிம்பையும் உடைத்து விலை விழ, கோடும் கீழே திரும்பும். இது இறக்கப் பருவம்.

இங்கே வைன்ஸ்டீன் சொன்ன ஒரு நுணுக்கம் முக்கியமானது. அடித்தளத்தை உடைத்து மேலே வரும்போது வர்த்தக அளவு கட்டாயம் பெருக வேண்டும் என்றார் அவர். குறைந்தது முந்தைய நான்கு வாரச் சராசரியைப் போல இரண்டு மடங்கு. ஆனால் உச்சியிலிருந்து கீழே உடைவதற்கு அந்த நிபந்தனை கிடையாது. ஏறுவதற்குப் பணம் வேண்டும். விழுவதற்கு வாங்க ஆள் இல்லாமல் போனாலே போதும்.

மீண்டும் சிஸ்கோவுக்கு வருவோம். 1984-ல் தொடங்கி 1990 பிப்ரவரியில் பொதுப் பங்கு வெளியிட்ட நிறுவனம் அது. இணையம் வளர வளர அதன் ரூட்டர்களுக்குத் தேவையும் வளர்ந்தது. அடிக்கடி பங்கைப் பிரித்தார்கள் (ஒன்றை இரண்டாக்குவது). 2000 மார்ச்சில் நடந்த பிரிப்புக்கு ஏற்பத் திருத்திய விலைகளே இங்கு தரப்படுகின்றன. எல்லாம் முழு டாலருக்குத் தோராயமாக்கப்பட்டவை.

1998 அக்டோபரில் ஒரு சோதனை வந்தது. அந்த ஆகஸ்டில் ரஷ்யா தன் கடனைத் திருப்பித் தர முடியாது என்று கைவிரித்தது, தொடர்ந்து எல்.டி.சி.எம். என்ற பெரிய முதலீட்டு நிதி தள்ளாடியது. சந்தையே ஆட்டம் கண்டது. சிஸ்கோவும் 17 டாலர் வட்டாரத்திலிருந்து 11 டாலர் வட்டாரத்துக்கு விழுந்து, சில வாரங்கள் முப்பது வாரக் கோட்டுக்குக் கீழே கிடந்தது. "கோட்டுக்குக் கீழே போனால் விற்றுவிடு" என்று மட்டும் கற்றுக்கொண்டவர் அப்போது விற்றிருப்பார். அந்த ஆண்டு முடிவதற்குள் பங்கு 23 டாலர்! ஆனால் அவர் கோட்டின் சாய்வையும் சேர்த்துப் பார்த்திருந்தால் ஒரு தயக்கம் வந்திருக்கும். ஏனென்றால் முப்பது வாரத்துக்கு முன்பும், அதாவது அந்த ஆண்டு மார்ச்சிலும், பங்கின் விலை கிட்டத்தட்ட அதே 11 டாலர்தான். உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒன்றாக இருந்ததால் கோடு சரியவில்லை. விலை மட்டும் கோட்டைத் தாண்டிக் கீழே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

அதற்குப் பிறகு வந்தது பாடப் புத்தகத்தில் போடத் தகுந்த ஏற்றப் பருவம். 1999 முடிவில் விலை 54 டாலர் அளவில் இருந்தது. 2000 மார்ச் 27 அன்று 80 டாலரில் முடிந்தது. அந்த நாட்களில் நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பு 50,000 கோடி டாலரைத் தாண்டியது. மைக்ரோசாஃப்டையே முந்தி உலகின் மிக மதிப்புள்ள நிறுவனம் என்று பெயர் வாங்கியது.

அடுத்த ஆறு மாதங்கள்தான் இந்தக் கதையின் சுவாரசியமான பகுதி. ஏப்ரல் நடுவில் ஒரே வாரத்தில் பங்கு 75 வட்டாரத்திலிருந்து 57-க்கு வந்தது. மீண்டும் 69. மே கடைசியில் 50-ஐ ஒட்டி விழுந்தது. அப்போது கோட்டுக்குக் கீழேயும் போனது. ஆனால் ஜூன் முதல் வாரத்திலேயே 60-ஐத் தாண்டி ஏறி, ஜூலையில் 69-ஐத் தொட்டது. செப்டம்பர் தொடக்கத்தில் மறுபடி 68, 69. மே மாதப் பயத்தில் விற்றவரைப் பார்த்து மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். சிரித்தவர்கள் கவனிக்காதது, ஒவ்வொரு முறை ஏறும்போதும் மார்ச்சில் தொட்ட 80 எட்டாமலே போனதுதான். உச்சிப் பருவத்தின் குணமே இது. விற்றவன், வாங்கியவன் இரண்டு பேருமே மாறி மாறி முட்டாளாகத் தெரிவான். இந்தப் பருவத்தை நடந்துகொண்டிருக்கும்போதே உறுதியாக அடையாளம் காண முடியும் என்று சொல்பவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. ஏற்றத்தின் நடுவில் வரும் ஓய்வும் பார்ப்பதற்கு இதே போலத்தான் இருக்கும்.

வித்தியாசம் எங்கே தெரிந்தது? மறுபடி அந்த ஒற்றை ஒப்பீட்டைப் போட்டுப் பார்க்கலாம். செப்டம்பர் முதல் வாரத்தில் விலை சுமார் 68. முப்பது வாரத்துக்கு முன், பிப்ரவரி தொடக்கத்தில், சுமார் 60. உள்ளே வருவது பெரிது. கோடு இன்னும் ஏறுகிறது. செப்டம்பர் 29 வெள்ளிக்கிழமைக்கு வந்தால் விலை 55. அதற்கு முப்பது வாரத்துக்கு முந்தைய மார்ச் 3 அன்று சுமார் 68. இப்போது வெளியே போவது பெரிது. 13 டாலர் வித்தியாசத்தை 30-ஆல் வகுத்தால் அந்த ஒரு வாரத்தில் கோடு சுமார் 43 சென்ட் இறங்குகிறது. 65 டாலர் வாக்கில் இருந்த கோட்டுக்கு இது பார்வைக்குச் சின்னச் சரிவு. ஆனால் அடுத்து வரிசையாக வெளியேறக் காத்திருந்தவை எவை? மார்ச் கடைசியின் 77, 79 போன்ற உச்ச விலைகள்! அவை ஒவ்வொன்றாக வெளியேறும்போது, பங்கு மறுபடி 80-க்குப் பாய்ந்தால் ஒழிய, கோடு இறங்காமல் இருக்க வழியே இல்லை. 1998 அக்டோபரிலும் விலை கோட்டுக்குக் கீழேதான் இருந்தது, 2000 செப்டம்பரிலும் கீழேதான் இருந்தது. முதல் தடவை கோடு அசையவில்லை, இரண்டாம் தடவை கோடு திரும்பிவிட்டது.

இன்னும் ஒரு நிபந்தனை பாக்கி: உச்சிப் பருவத்தின் கீழ் விளிம்பு உடைய வேண்டும். இங்கே அந்த விளிம்பு மே மாதத்தில் தாங்கி நின்ற 50 டாலர். நவம்பரில் அதுவும் உடைந்தது. மாத முடிவில் பங்கு 48 டாலர் அளவில் நின்றது.

முதலில் சொன்ன 66 சதவீத வளர்ச்சிக் கணக்கு வெளியான அதே மாதம்தான் இது. டிசம்பரிலும் தலைமை நிர்வாகி ஜான் சேம்பர்ஸ் வளர்ச்சியைப் பற்றி நம்பிக்கையோடே பேசிக்கொண்டிருந்தார். அவர் பொய் சொன்னார் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. விற்பனைக் கணக்கு முடிந்துபோன காலாண்டைச் சொல்கிறது. அந்தக் கணக்கில் இருந்தவை பல மாதங்களுக்கு முன் கொடுக்கப்பட்ட ஆர்டர்கள். கடன் வாங்கி ரூட்டர் வாங்கிய புதிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பணம் தீர்ந்து திணறத் தொடங்கியது அந்தக் கணக்கில் அப்போது தெரியவில்லை. பங்கை விற்றுக்கொண்டிருந்தவர்களில் சிலருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும். வரைபடம் காரணத்தைச் சொல்லாது. யாரோ தொடர்ந்து விற்கிறார்கள், அதற்கு ஈடாக வாங்க ஆளில்லை என்பதை மட்டும் சொல்லும்.

2001 பிப்ரவரி 6 அன்றுதான் கணக்கில் முதல் விரிசல் தெரிந்தது. ஆய்வாளர்கள் பங்குக்கு 19 சென்ட் லாபம் எதிர்பார்க்க, சிஸ்கோ காட்டியது 18 சென்ட். வெறும் ஒரு சென்ட்! அதற்குள் பங்கு 36 டாலருக்கு வந்திருந்தது. ஏப்ரலில் முடிந்த அடுத்த காலாண்டில் விற்பனை அதற்கு முந்தைய காலாண்டை விட 30 சதவீதம் விழுந்தது. விற்காமல் தேங்கிய சரக்குக்காக 225 கோடி டாலர் நஷ்டம் எழுதினார்கள். 8,500 பேர் வரை வேலை இழந்தார்கள். அந்த ஏப்ரல் தொடக்கத்தில் பங்கு 14 டாலருக்கும் கீழே. சரக்கு இருப்பு மதிப்பீட்டைப் பற்றித் தேர்வில் எழுதும்போது இந்த 225 கோடியை ஒரு உதாரணமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பங்கின் இறக்கம் 2002 அக்டோபர் வரை நீண்டது. கடைசியில் 9 டாலருக்கும் கீழே போய்த்தான் நின்றது. இடையில் பலமுறை ஏறியது, ஒவ்வொரு ஏற்றத்திலும் "இதுதான் அடிமட்டம்" என்று வாங்கியவர்கள் இருந்தார்கள். 80-க்கு விற்ற பங்கு 40-க்குக் கிடைத்தால் மலிவு என்றுதானே மனசு சொல்லும்? இறங்கும் கோட்டுக்குக் கீழே இருக்கும் பங்கை எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும் தொடாதே என்று வைன்ஸ்டீன் கண்டிப்பாகச் சொன்னது இந்த மனசுக்காகத்தான். 40-க்கு வாங்கியவரும் பிறகு நான்கில் மூன்று பங்குக்கு மேல் இழந்தார்.

அதே சமயம் இந்த முறை என்ன தராது என்பதையும் பார்க்க வேண்டும். செப்டம்பர் கடைசியில் 55-க்கு விற்றவர், உச்ச விலையை விட 31 சதவீதம் குறைத்துத்தான் விற்றார். 50 உடையும் வரை காத்திருந்தவர் அதைவிட அதிகம் விட்டுக்கொடுத்தார். சராசரி எப்போதும் பின்னால்தான் வரும். உச்சியில் விற்க அது உதவாது. ஏற்றப் பருவத்தின் தொடக்கத்தில் வாங்கியவருக்கு அந்த 31 சதவீதம் வலிக்காது. 2000 மார்ச்சில் 75-க்கு வாங்கியவருக்கு அது பெரிய அடி.

அதைவிட மோசமான ஒரு நிலைமையும் உண்டு. 1987 அக்டோபரில் டவ் ஜோன்ஸ் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 9 வெள்ளிக்கிழமை அது 2482. முப்பது வாரக் கோடு 2445 வாக்கில். இன்னும் கோட்டுக்கு மேலேதான். அக்டோபர் 16 வெள்ளிக்கிழமை 2247-ல் முடிந்தது. கோட்டுக்குக் கீழே முதல் வார முடிவு. சனிக்கிழமை உட்கார்ந்து வரைபடத்தில் அதைக் குறித்து, திங்கட்கிழமை காலையில் விற்கலாம் என்று நினைத்தவருக்கு என்ன கிடைத்தது? அந்தத் திங்கட்கிழமை, அக்டோபர் 19 அன்று, டவ் ஒரே நாளில் 508 புள்ளிகள், 22.6 சதவீதம் விழுந்தது! உச்சிப் பருவம் கோடு தட்டையாகும் வரை பொறுமையாகக் காத்திருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வாரம் ஒருமுறை பார்ப்பதற்கான விலை அது. வைன்ஸ்டீன் கோட்டை மட்டும் நம்பாமல், வாங்கும்போதே இன்ன விலைக்குக் கீழே போனால் தானாக விற்கச் சொல்லி ஸ்டாப் லாஸ் போட்டே ஆக வேண்டும் என்று வற்புறுத்தியதற்கு அர்த்தம் இருக்கிறது. ஆனால் அன்றைய தினம் போல விலை இடைவெளி விட்டுத் தாவி விழுந்தால் ஸ்டாப் லாஸும் சொன்ன விலைக்கு விற்றுத் தராது.

சிஸ்கோவின் கதை 2002-ல் முடியவில்லை. 2003 வசந்த காலத்தில், படுத்துக் கிடந்த கோட்டுக்கு மேலே பங்கு ஏறி வந்தது. 14 டாலர் வட்டாரத்தில் வாங்கியவர் 2004 ஜனவரியில் 29 டாலரைப் பார்த்தார். பத்து மாதத்துக்குள் இரட்டிப்பு. ஆனால் அதை "சிஸ்கோ திரும்பிவிட்டது" என்று எடுத்துக்கொண்டு வைத்திருந்தவர், 2005-ல் மறுபடி 17 டாலரைப் பார்க்க நேர்ந்தது. ஒரு சுற்று ஒன்றரை வருடத்திலும் முடியலாம், பத்து வருடமும் ஓடலாம். எது என்று கோடு முன்கூட்டிச் சொல்வதில்லை.

2000 மார்ச்சில் வாங்கி, "நல்ல கம்பெனி, எப்படியும் திரும்பி வரும்" என்று விற்காமல் வைத்திருந்தவர்களும் உண்டு. கம்பெனி நல்ல கம்பெனிதான். அது திவாலாகவில்லை, லாபம் சம்பாதித்தது, 2011 முதல் டிவிடெண்டும் கொடுத்தது. அந்த 80 டாலர் முடிவு விலையைப் பங்கு மறுபடி தாண்டியது 2025 டிசம்பரில்.